85 நாள் கேட்டோம், 69 நாள்தான் நின்றது: இ.ஓ.டி விண்ணப்பத்தில் பட்ட பாடு

விழுப்புரம் மாவட்டத்தில் இரண்டு தளப் பள்ளிக் கட்டடம். ஒப்பந்தத் தொகை 1.20 கோடி, காலம் 9 மாதம். 2024 ஜூன் 10இல் தொடங்கி 2025 மார்ச் 9க்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க முடியாது என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. பிப்ரவரி 3 அன்று கொடுத்த இ.ஓ.டி, அதாவது கால நீட்டிப்பு விண்ணப்பம் இரண்டு வாரம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. காரணங்களில் பொய் எதுவும் இல்லை. கணக்குதான் தப்பு.

மூன்று தடைகளைக் காட்டியிருந்தோம். அடித்தள வரைபடம் மாறியதில் ஜூலை 1 முதல் 25 வரை 25 நாள். மனைக்கு மேலே போன மின்கம்பியை மாற்றாததால் கீழ்த்தள ரூஃப் கான்கிரீட் போட முடியாமல் நவம்பர் 5 முதல் டிசம்பர் 14 வரை 40 நாள். ஃபெஞ்சல் புயல் மழையும் அதன்பின் தேங்கிய தண்ணீருமாக நவம்பர் 29 முதல் டிசம்பர் 18 வரை 20 நாள். கூட்டினால் 85, புதிய தேதி ஜூன் 2.

தணிக்கையில் முதலில் பிடித்தது இதைத்தான். நவம்பர் 29 முதல் டிசம்பர் 14 வரை 16 நாள், கம்பியும் மழையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வேலை நின்ற நாள் ஒன்று என்றால் கிடைப்பதும் ஒரு நாள்தான், காரணம் எத்தனை இருந்தாலும். ஆக மழைக்கு மிஞ்சியது 4 நாள். 25, 40, 4 சேர்த்து 69. தேதி மே 17. மழை விஷயத்தில் இன்னொன்று: வழக்கமான வடகிழக்குப் பருவமழையைக் காரணமாக எழுதினால் எடுபடாது, டெண்டர் போடும்போதே அது தெரிந்ததுதானே என்பார்கள். புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், தாலுகா மழை அளவுப் பதிவையும் இணைத்த பிறகே ஏற்றார்கள்.

பெரிய தலைவலி, வேலை தடைப்பட்ட நாட்களைப் பதியும் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர். மின்கம்பித் தடைக்குத் தொடக்கத் தேதியும் உதவிப் பொறியாளர் கையெழுத்தும் இருந்தன. முடிந்த தேதிக் கட்டம் காலி. அவர் ஜனவரியில் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், தான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்காக மட்டும் மூன்று முறை அலைந்தோம். கம்பி மாற்றிய பணி முடிவுக் கடிதமும், சைட் ஆர்டர் புத்தகத்தின் பக்க நகலும் கொடுத்தோம். கடைசியில் காப்பாற்றியது சிமெண்ட் ரிஜிஸ்டர். அந்த 40 நாளும் ஒரு மூட்டைகூட வெளியே போகவில்லை என்பது அதில் துறையின் கையெழுத்தோடு இருந்தது. தடை நீங்கிய அன்றே அந்தக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விண்ணப்பக் கெடுவையும் உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் 5ஆம் பிரிவு, தடை ஏற்பட்ட 14 நாளுக்குள் எழுதிக் கேட்கச் சொல்கிறது.

முன்னேற்றத்தைப் பற்றி முதல் கடிதத்தில் "75% முடிந்தது" என்று ஒரே வரி. பில் பாஸானது 74 லட்சம், அதாவது 62%தான். எதில் 75% என்று கேட்டால் பதில் இல்லை. சதவீதத்தை விட்டுவிட்டு வேலைவாரியாக எழுதினால் இந்தக் கேள்வியே வராது. பிப்ரவரி 20 அன்று கொடுத்த இரண்டாம் கடிதத்தில் இப்படி மாற்றினோம்:

"இரு தளங்களின் ரூஃப் கான்கிரீட் முடிந்தது. மேல்தள ரூஃப் 14.02.2025இல் போடப்பட்டது, 6 மீட்டர் அகலம் என்பதால் முட்டு 14 நாள் கழித்து 28.02.2025இல் எடுக்கப்படும். பூச்சு மார்ச் 1 முதல் 25 நாள், டைல்ஸ் 20 நாள், கதவு, வயரிங், பெயிண்ட் 30 நாள். மொத்தம் 75 நாள். 17.05.2025 வரை நீட்டிப்புக் கோருகிறோம்."

மார்ச் 1இலிருந்து மே 17 வரை 78 நாள். தடைக் கணக்கில் கிடைக்கும் தேதியும் மீதி வேலைக்குத் தேவையான தேதியும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். தடை 69 நாள், மீதி வேலைக்கோ 120 நாள் என்றால், இடையிலுள்ள நாட்கள் நம் தாமதம் என்று எழுதி எல்.டி என்ற தாமத அபராதம் போடுவார்கள்.

மார்ச் 6இல் உத்தரவு வந்தது, அபராதம் இல்லாமல். கெடு முடிய மூன்றே நாள் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே வங்கி கேரண்டியின் காலத்தையும் புதிய தேதிக்கு ஏற்ப நீட்டித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். வங்கியில் அதற்கே ஒரு வாரம் ஆனது. உத்தரவு வரட்டும் என்று உட்காராமல், கடிதம் கொடுக்கும் அன்றே வங்கிக்கும் எழுதிவிடுங்கள். விலை உயர்வு கேட்க மாட்டோம் என்ற உறுதிமொழித் தாளையும் நீட்டினார்கள். கம்பிக்கான 40 நாள் துறை தரப்புத் தாமதம் என்பதால், "இந்த நாட்களுக்கான உரிமை நீங்கலாக" என்று கையால் எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டோம்.