வேறொருவர் எடுத்த போர்ட்ரெய்ட்டை எடிட் செய்து வெளியிட அனுமதி வாங்கியபோது

ரீடச்சிங்தான் என் தொழில். வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் படங்களை வெளியே காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதனால் என் வேலையின் மாதிரியாகக் காட்ட, எடிட்டுக்கு முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க, ஒரு நல்ல போர்ட்ரெய்ட் தேவைப்பட்டது. தேடியதில் ஒன்று கண்ணில் பட்டது: ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், பாதி நரைத்த முடி, முகத்தில் மேக்கப் இல்லை. படத்தின் கீழே `CC BY-ND 4.0` என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமம் போட்டிருந்தது. `BY` என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், `ND` என்றால் மாற்றிய வடிவங்கள் கூடாது.

இந்த `ND`-ஐப் பலர் "எடிட் செய்யவே கூடாது" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தின்படி மாற்றிய வடிவத்தை நம்மளவில் உருவாக்கிக்கொள்ளலாம்; பிறருக்குப் பகிர்வதற்குத்தான் தடை. கோப்பு வடிவத்தை மாற்றுவது போன்ற தொழில்நுட்ப மாற்றங்கள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் தோலைச் சீராக்கி, ஒளியைத் திருத்தி, பின்னணியை மாற்றினால் அது மாற்றிய வடிவம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தேவையே அதைப் பகிர்வதுதான். பொது உரிமம் எதுவாக இருந்தாலும் உரிமையாளர் ஒருவருக்குத் தனியாகக் கூடுதல் அனுமதி தரலாம் என்பதால் படமெடுத்தவருக்கு எழுதினேன்.

முதல் கேள்வியாக, "இதை யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொன்னார்களா, நீங்களாக எடுத்ததா?" என்று கேட்டேன். வீண் கேள்வி போலத் தெரியும், ஆனால் அனுமதி தரவேண்டிய ஆளே இதைப் பொறுத்து மாறுவார். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவில் தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபரிடமே உரிமை பொதுவாகத் தங்கும். எங்கானாலும், படத்தில் இருப்பதால் மட்டும் ஒருவருக்குப் பதிப்புரிமை வந்துவிடாது. பிரிண்ட் கையில் இருப்பதாலும் வராது. இவர் தன் விருப்பத்தில் எடுத்த படம் என்று பதில் வந்தது. ஆக, பேசவேண்டியவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"தாராளமா எடிட் பண்ணிக்கோங்க" என்றும் எழுதியிருந்தார். நல்ல மனசுதான், ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வெளியிட முடியாது. எடிட் செய்யலாம் என்றாரே தவிர வெளியிடுவதைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கே, எதற்காக என்பதும் அதில் இல்லை. அதனால் நானே நாலு வரி எழுதி, "இதற்குச் சம்மதமா?" என்று திருப்பி அனுப்பினேன்:

"இந்தப் படத்தில் ஒளி, நிறம், தோல், பின்னணி ஆகியவற்றைத் திருத்தி, அசலையும் திருத்தியதையும் என் வேலையின் மாதிரியாக என் இணையப் பக்கத்திலும் சமூக வலைப்பக்கங்களிலும் காட்டலாம். விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் கூடாது. வேறு யாருக்கும் இந்த அனுமதியை நான் மாற்றித் தர முடியாது. படம் எடுத்தவர் பெயரும், திருத்தியது நான் என்பதும் படத்தோடு சேர்ந்தே வரும்."

சம்மதித்தார், வெளியிடுமுன் ஒருமுறை காட்டச் சொன்னார். நியாயம்தான். தன் படைப்பைச் சிதைத்து மதிப்பைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே சொல்கிறது. கேமரா பதிந்த, எதுவும் திருத்தாத `RAW` கோப்பைத் தரவில்லை, 16-பிட் `TIFF` தந்தார். நானும் வற்புறுத்தவில்லை. தான் செய்த டோன் இல்லாமல் படம் வெளியே போவதை எந்தப் போட்டோகிராபரும் விரும்பமாட்டார்.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் படமெடுத்தவர் தருவது அவருடைய பதிப்புரிமைக்கான அனுமதி மட்டுமே. படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமையையும் தோற்றத்தின் மேலுள்ள உரிமையையும் அவரால் தர முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் இவை உரிமத்துக்குள் வராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு செல்பேசி நிறுவனம், `Flickr`-இல் `CC BY` உரிமத்தோடு கிடந்த ஒரு பதின்வயதுப் பெண்ணின் படத்தை எடுத்துக் கேலியான வாசகத்தோடு விளம்பரம் போட்டது. உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதித்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அந்த நிறுவனத்தின் மேல் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால், படத்தில் இருப்பவரிடம் கேட்காமல் இப்படிப் பயன்படுத்தலாமா என்ற மூலக் கேள்விக்குத் தீர்ப்பு வராமலே போனது.

எனவே, படத்தில் இருப்பவர் தன் படத்தைப் பயன்படுத்தச் சம்மதித்துக் கையெழுத்திடும் மாடல் ரிலீஸ் படிவத்தைப் போட்டோகிராபரிடம் கேட்டேன். ரிலீஸ் படிவத்தில் நான் பார்ப்பது இரண்டு இடங்கள். யாருக்கு அனுமதி என்ற இடத்தில் "போட்டோகிராபரும் அவர் உரிமம் அளிப்பவர்களும்" என்றிருந்தால் நான் உள்ளே வருவேன். போட்டோகிராபர் பெயர் மட்டும் இருந்தால் வரமாட்டேன். அடுத்தது, படத்தை மாற்றலாம் என்ற வாசகம் இருக்கிறதா என்பது. இந்தப் படிவத்தில் போட்டோகிராபர் பெயர் மட்டுமே இருந்தது. பயன்பாடு "கண்காட்சியும் இணைய வெளியீடும்". மாற்றம் பற்றி ஒரு சொல் இல்லை. தனிக் கடிதம் வாங்கியே ஆகவேண்டும்.

அந்த அம்மாவோடு போட்டோகிராபர் போனில் இணைத்துவிட்டார். என்ன செய்யப்போகிறேன் என்று வாயால் விளக்குவதில் பலன் இல்லை என்பதால், படத்தைச் சிறியதாக்கி மூன்று விதமாக எடிட் செய்து முன்பே அனுப்பியிருந்தேன். ஒளி மட்டும் திருத்தியது ஒன்று, தோலையும் முடியையும் தொட்டது ஒன்று, பின்னணியையே மாற்றியது ஒன்று.

"முதல் படம் நல்லாருக்கு தம்பி. ரெண்டாவதுல நரையைக் கருப்பாக்கிட்டீங்களே, அது வேண்டாம். படத்தைப் பாத்துட்டு நேர்ல பாக்குறவங்க சிரிப்பாங்க."

"தோல்ல இருக்கற புள்ளிகளை எடுக்கலாமாம்மா?"

"அதை எடுங்க, எனக்கே பிடிக்காது. ஆனா மூணாவது வேண்டவே வேண்டாம். நான் போகாத இடத்துல நான் நிக்கிற மாதிரி இருக்கு."

கடைசியாகச் சொன்னதுதான் தொழில்முறையில் மிக முக்கியமானது. தோலைத் திருத்துவது தோற்றத்தோடு நின்றுவிடும். பின்னணியோ வாசகமோ மாறினால், படம் அவரைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்ல ஆரம்பித்துவிடும். போட்டோகிராபர் பின்னணிக்கும் சம்மதித்திருந்தார், அது போதாது. இருவரும் ஒப்புக்கொண்ட பகுதி எதுவோ, அதுவே என் எல்லை. அந்த அம்மா கையெழுத்திட்ட கடிதத்தில் "ஒளி, நிறம், தோல் திருத்தம் மட்டும், முடி நிறம், முக வடிவம், பின்னணி மாற்றக் கூடாது, விளம்பரத்துக்குக் கூடாது, எழுதிக் கேட்டால் முப்பது நாளுக்குள் என் பக்கங்களிலிருந்து நீக்குவேன்" என்று எழுதினோம். நீக்கும் வரியை நானாகச் சேர்த்தேன். பிறர் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டதை என்னால் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

எடிட்டை இருவரும் பார்த்து ஒப்புக்கொண்டபின், அசல் கோப்புக்குள் பதிந்திருந்த படைப்பாளர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் `exiftool` என்ற நிரலால் புதிய கோப்புக்கு மாற்றினேன்:

```
exiftool -TagsFromFile original.tif -XMP-dc:Creator -XMP-dc:Rights edited.jpg
```

பதிவேற்றும்போது பல தளங்கள் இந்தத் தகவலை உரித்துவிடும். ஆகவே படத்தின் கீழேயும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதினேன்: படம் எடுத்தவர் இவர், ரீடச்சிங் நான், இருவர் அனுமதியோடும் வெளியிடப்படுகிறது, மறுபயன்பாட்டுக்கு இல்லை. `CC BY-ND` என்று அதன்கீழ் போடவில்லை. அசலுக்குத்தான் அந்த உரிமம். என் எடிட் தனி அனுமதியில் வந்தது.

வெளியிட்ட சில வாரங்களில் சருமக் க்ரீம் விற்கும் ஒரு நிறுவனம் அந்தப் படத்தைக் கேட்டது, பணமும் தருவதாகச் சொன்னது. எடிட் என்னுடையதுதானே, என்னிடம் வாங்கினால் போதும் என்பது அவர்கள் எண்ணம். என்னிடம் விற்பதற்கு எதுவும் இல்லை என்று எழுதி, போட்டோகிராபரின் முகவரியைக் கொடுத்தேன். அவர் அந்த அம்மாவிடம் கேட்டார். அம்மா மறுத்துவிட்டார்.