சராசரி 6: இரு பிரிவுகள், ஒரே எண்

ஜூலை 8
பத்தாம் வகுப்பில் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்த 10 மதிப்பெண்ணுக்கு ஸ்லிப் டெஸ்ட். ‘அ’ பிரிவில் 30 பேர், ‘ஆ’ பிரிவிலும் 30 பேர். இரண்டிலும் கூட்டுத்தொகை 180, சராசரி 6. எல்லோருக்கும் ஒரே மறுபயிற்சி போதும் என்றுதான் இந்த எண் சொல்கிறது.

ஆனால் விடைத்தாள்களை மதிப்பெண் வாரியாக அடுக்கினால் கதையே வேறு. ‘அ’வில் 4 எடுத்தவர் 2 பேர், 5 எடுத்தவர் 7, 6 எடுத்தவர் 12, 7 எடுத்தவர் 7, 8 எடுத்தவர் 2. ‘ஆ’வில் 2 எடுத்தவர் 7, 3 எடுத்தவர் 4, 4 எடுத்தவர் 1, 6 எடுத்தவர் 2, 8 எடுத்தவர் 8, 9 எடுத்தவர் 6, 10 எடுத்தவர் 2. அதாவது, ‘ஆ’வில் சராசரி மாணவர் என்று கைகாட்ட இரண்டே பேர்!

ஜூலை 9
திட்ட விலக்கம் கணக்கிட்டேன். ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் 6ஐக் கழித்து, வர்க்கமாக்கி, அதை எடுத்தவர்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வர்க்கமாக்காமல் கூட்டினால் மிகையும் குறையும் அடிபட்டுப் பூச்சியம்தான் மிஞ்சும். ‘அ’வுக்கு 30, ‘ஆ’வுக்கு 270. 30ஆல் வகுத்து மூலம் எடுத்தால் ‘அ’வுக்கு 1, ‘ஆ’வுக்கு 3.

எக்செல்லில் போடுபவர்கள் இதைப் பயன்படுத்துங்கள்:

```
=STDEV.P(B2:B31)
```

முழு வகுப்பின் மதிப்பெண்களும் கையில் இருப்பதால் இதுவே சரி. STDEV.S போட்டால் 29ஆல் வகுத்து ‘ஆ’வுக்கு 3.05 காட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, வராதவருக்கு 0 போடுவது. ‘அ’வில் அப்படி ஒரே ஒரு 0 கூடுதலாகச் சேர்ந்தாலும் திட்ட விலக்கம் 1லிருந்து 1.45க்குத் தாவிவிடும். கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

ஜூலை 10
3 என்ற எண்ணும் முழுதாகச் சொல்லிவிடாது. மதிப்பெண்கள் சீராகப் பரவியிருந்தாலும் 3 வரலாம், இரண்டு கும்பலாகப் பிரிந்திருந்தாலும் வரலாம். இடைநிலை அளவு கொஞ்சம் துப்புக் கொடுக்கிறது: ‘அ’வில் 6, ‘ஆ’வில் 8. உறுதி செய்ய, ஒரு கோட்டில் 0 முதல் 10 வரை குறித்து ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். ‘ஆ’வில் நடுவே பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

பள்ளத்துக்கு இடப்பக்கம் உள்ள 12 தாள்களையும் வரிவரியாகப் பார்த்தேன். 2x² + 7x + 3 என்ற கோவையில் 9 பேர் சறுக்கியது ஒரே இடத்தில்: பெருக்கற்பலன் 3 வரும் எண்களைத் தேடியிருக்கிறார்கள். தேட வேண்டியது 2 × 3 = 6. பெருக்கினால் 6, கூட்டினால் 7 வருபவை 6, 1. நடு உறுப்பை 6x + x என்று பிரித்தால் (2x + 1)(x + 3) வந்துவிடும். x²க்கு முன்னால் எண் இல்லாத கணக்குகளை இதே 9 பேரும் சரியாகவே போட்டிருக்கிறார்கள்.

மீதி 3 பேரின் சிக்கல் வேறு. குறை எண்களைக் கூட்டுவதிலேயே குறி மாறிவிடுகிறது.

ஜூலை 17
‘ஆ’வில் அந்த 12 பேருக்கு மட்டும் நடு உறுப்பைப் பிரிக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கே மறுதேர்வு வைத்தேன். 9 பேர் 5, 6, 7க்கு வந்துவிட்டார்கள், தலா 3 பேர். மற்ற 3 பேரும் 2, 2, 3இலேயே நிற்கிறார்கள். பிறரின் பழைய மதிப்பெண்களோடு சேர்த்தால் சராசரி 7, திட்ட விலக்கம் 2.1. அந்த மூவருக்கும் நாளை முதல் எண்கோட்டில் முழுக்களின் கூட்டல், காரணிப்படுத்தல் அதற்கப்புறம்தான்.