முப்பத்திரண்டு ஆண்டுப் பணி, நான்கு தேதி

பணி நிறைவு விழாவில் வாழ்த்துரை சொல்கிறவர்கள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் சேர்ந்த ஊர், மாற்றலான ஊர், மறுபடி மாற்றலான ஊர் என்று பணிப்பதிவேட்டையே வாசித்துவிடுவார்கள். ஏழாவது ஊர் வருவதற்குள் கூட்டத்தின் கண் மிக்சர் தட்டுக்குப் போய்விடும். இன்னொரு சாரார் பதிவேட்டைத் திறப்பதே இல்லை. ‘அயராத உழைப்பாளி, அன்பானவர், மாசற்ற பணி’ என்று அடுக்குவார்கள். அதே உரையை அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவருக்கும் படிக்கலாம், ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது.

பதிவேட்டிலிருந்து சரிபார்க்கக்கூடிய நான்கு தேதிகளை எடுத்து, அவற்றைச் சுற்றி மூன்று நிமிடம் பேசினால் போதும். எந்த நான்கு என்பதில்தான் வேலை இருக்கிறது.

உதாரணத்துக்கு வருவாய்த் துறையில் ஒருவரை வைத்துக்கொள்வோம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியர் வரை வந்தவர், 1965 ஜூன் 12 பிறந்தவர். 60 வயது ஜூன் 12 நிறைந்தாலும் பணி முடிவது மாதக் கடைசியில், 2025 ஜூன் 30 பிற்பகலில். (ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதக் கடைசி நாளே. பத்திரிகை அடிக்கிறவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவார்கள்.)

முதல் சிக்கல், பதிவேடே கையில் இருக்காது. ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்போது எஸ்.ஆர். என்று அலுவலகத்தில் சொல்லும் இந்தப் பணிப்பதிவேடும் கூடவே போய்விடும், அதுவும் சில மாதங்களுக்கு முன்பே. கடைசி வாரத்தில் பணியமைப்புப் பிரிவில் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள். அதற்கு முன்பே குறிப்பெடுக்க வேண்டும், அல்லது ஓய்வு பெறுகிறவரிடமே நகல் கேட்க வேண்டும். நகல் வழிதான் முறையானதும்கூட. மருத்துவ விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ), 17(ஆ) குற்றச்சாட்டு, நிறுத்திவைத்த ஊதிய உயர்வு எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கின்றன. பேசப்போகிறவர் அவருடைய அனுமதியில்லாமல் அதைப் புரட்டுவது சரியல்ல. ‘மாசற்ற பணி’ என்ற சொல்லைத் தவிர்க்கவும் இதுவே காரணம். எப்போதோ ரத்தான ஒரு தண்டனையைத் தெரிந்தவர்கள் நாலு பேர் கூட்டத்தில் இருப்பார்கள், அந்தச் சொல் அவர்களுக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தும்.

அடுத்து, ஆண்டுக் கணக்கு. நம் உதாரணத்தில் 1993 பிப்ரவரி 10 முற்பகல் சேர்ந்திருக்கிறார். 2025 ஜூன் 30 வரை 32 ஆண்டு, 4 மாதம், 21 நாள். பிற்பகல் சேர்ந்திருந்தால் ஒரு நாள் குறையும். இதை ‘33 ஆண்டு’ என்று தூக்கிச் சொல்வது வழக்கமான தவறு. ஓய்வூதியத் தாளில் இருக்கும் எண்ணை எடுப்பது இன்னொரு தவறு. அது தகுதியான பணிக்காலம், அரையாண்டுகளாக எண்ணப்படுவது. மருத்துவச் சான்றில்லாத ஊதியமில்லா விடுப்பு போன்றவை அதில் கழிந்திருக்கும். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டே போதும் என்பதால் சில தாள்களில் அந்த எண்தான் கண்ணில் படும். மேடைக்கு ‘32 ஆண்டு, 4 மாதம்’ போதும்.

இனி மைல்கற்கள். நகலிலிருந்து சேர்க்கை, மாறுதல், பதவி உயர்வு ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் இறக்கினால் இருபது இருபத்தைந்து வரி வரும். பணிவரன்முறை, தகுதிகாண் பருவம், தேர்வுநிலை, ஆண்டு ஊதிய உயர்வு எல்லாம் எல்லோருக்கும் வருபவை, அவற்றைத் தொட வேண்டாம். மீதி ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி: இந்தத் தேதிக்குப் பிறகு அவருடைய அன்றாட வேலை மாறியதா?

1993 பிப்ரவரி 10, சீர்காழி வட்டாட்சியர் அலுவலகம். இது தானாகவே நிற்கும். ஆனால் ‘மயிலாடுதுறை மாவட்டத்தில் பணியைத் தொடங்கினார்’ என்று எழுதிவிடக் கூடாது. அந்த மாவட்டம் 2020 டிசம்பரில்தான் பிறந்தது. 1993இல் சீர்காழி இருந்தது காயிதே மில்லத் பெயரைத் தாங்கிய நாகை மாவட்டத்தில்.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26. பதிவேட்டில் அந்தத் தேதியே இருக்காது. ‘தரங்கம்பாடி வட்டாட்சியர் அலுவலகம், 2003 ஜூன் முதல் 2006 ஆகஸ்ட் வரை’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். மாற்றுப்பணி, நிவாரணப் பணி, தேர்தல் பணி எதையும் எஸ்.ஆர். பெரும்பாலும் சொல்லாது. ஆனால் சுனாமி வந்த நாளில் அவர் கடலோர வட்டத்தில் பணியில் இருந்தார் என்பதை அந்த ஒரு வரி உறுதி செய்கிறது. அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் முகாம் பணிக்கான செயல்முறை ஆணையோ, அந்த மாதப் பயணப்படிப் பட்டியலோ, கூட வேலை பார்த்த இரண்டு பேரின் ஒத்துப்போகும் வார்த்தையோ வேண்டும். ‘அரிசி வழங்கும் பட்டியலை எழுதினார்’ என்று இருவர் தனித்தனியாகச் சொன்னால் எழுதலாம். ‘நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார்’ என்று ஒருவர் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து நெளிவதைத் தவிர அதனால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, துணை வட்டாட்சியர் பதவி உயர்வு. இதற்கு மூன்று தேதிகள் கிடைக்கும். தேர்ந்தோர் பட்டியல் 2011ஆம் ஆண்டுக்கானது, ஆணை 2012 ஜனவரி 27, பொறுப்பேற்றது 2012 பிப்ரவரி 6. பட்டியல் ஆண்டு முதுநிலைத் தகராறுக்கு உதவும், மேடைக்கு உதவாது. அதைச் சொன்னால் அதே பட்டியலில் தள்ளிப்போன யாராவது முகம் சுளிப்பார். பொறுப்பேற்ற தேதியைத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் கோப்பு எழுதியவர் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவராக மாறினார்.

நான்காவது, 2020 செப்டம்பர் 14, அதே சீர்காழியில் வட்டாட்சியர். இதைச் சரிபார்க்க எஸ்.ஆர்.கூட வேண்டாம். வட்டாட்சியர் அறைச் சுவரில் பெயர்ப் பலகை இருக்கும், யார் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று. பலகையும் பதிவேடும் ஒரு நாள் இரண்டு நாள் வித்தியாசப்பட்டால் பதிவேட்டையே நம்ப வேண்டும். பலகையில் பொறுப்பு ஒப்படைத்த தேதியை விடுபட்ட தேதியாக எழுதியிருப்பார்கள். அவர் காலத்தில் கொடுத்த பட்டா எண்ணிக்கையைச் சேர்க்கச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். அந்த எண் கிராம நிர்வாக அலுவலரிலிருந்து நில அளவர் வரை எல்லோருடையதும். அவர் பெயரில் எழுதினால் அவர்களே சிரிப்பார்கள்.

நான்கும் சேர்ந்தால் உரையின் நடுப்பகுதி இப்படி வரும்:

‘1993 பிப்ரவரி 10 காலை, சீர்காழி வட்டாட்சியர் அலுவலகத்தில் தபால் பதிவேட்டோடு உட்கார்ந்தார். சுனாமி வந்த அன்று தரங்கம்பாடியில் பணியில் இருந்தார். முகாமில் அரிசிப் பட்டியல் எழுதியதைப் பார்த்த இருவர் இங்கே இருக்கிறார்கள். 2012 பிப்ரவரி 6 முதல் கையெழுத்து அவருடையது. 2020 செப்டம்பரில், முதல் நாள் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாரோ அதற்கே வட்டாட்சியராக வந்தார். வரும்போது அது நாகப்பட்டினம் மாவட்டம், போகும்போது மயிலாடுதுறை மாவட்டம்.’

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முன்னால் குடும்பத்தாருக்கு இரண்டு வரி, பின்னால் வாழ்த்து. பாராட்டு மடல் அச்சுக்குப் போகும் முன் இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் காட்டிவிட வேண்டும். தபால் பதிவேடா, வேறு இருக்கையா என்பது எஸ்.ஆரில் இருக்காது. அவர்தான் திருத்துவார். பெயரின் முன்னெழுத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சட்டம் போட்ட மடலில் அதைப் பேனாவால் திருத்த முடியாது.