பூட்டுக்குப் பின்னால்

குடியாத்தம் பக்கம் எடுத்த மறதிநோய்ப் பராமரிப்பாளர் பேட்டிகளில், பேச்சுப் பகுதிகளுக்குக் குறியீடு, அதாவது சுருக்கப் பெயர், இடும் முதல் சுற்றில் 'கதவைப் பூட்டுதல்' என்ற குறியீட்டைப் 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் போட்டுவிட்டேன். நேற்று ஒரு மருமகளின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன்.

"மாமியாரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவியை இடுப்புல செருகிக்கிட்டு வாசல்லயே நிப்பேன்மா. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

பாதுகாப்பு என்பது பேச்சின் தலைப்புதான்; பல பேச்சுகளை இணைக்கும் அர்த்தமான கருப்பொருள் ஆகாது. சரி, குறியீட்டை இரண்டாகப் பிரித்தேன்: 'தொலைந்துபோவார் என்ற பயம்', 'ஊர் பார்வை'. இன்னொரு பேட்டியில், மாத்திரையைச் சோற்றில் பிசைந்து ஊட்டுபவர் சொந்தக்காரர் வந்தால் மறைக்கிறார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த கருப்பொருள்: 'காப்பாற்றுகிறேன், தப்பு செய்கிறவள் மாதிரி'.

ஒரு மகன் மட்டும் கூச்சமே இல்லாமல் பூட்டுகிறார். அவரை ஒதுக்க மனமில்லை. இந்தக் குற்ற உணர்வு பெண்களுக்கு மட்டும்தானா என்று பார்க்க, முதல் பேட்டியிலிருந்து திரும்பப் படிக்கிறேன்.