இரவில் எந்தத் திரை கண்ணுக்கு இதம்?

விக்கிப்பீடியா செயலியில் ஒரே தமிழ்க் கட்டுரையை வெள்ளைப் பின்னணியிலும் முழுக் கருப்பிலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தேன். ஸ்க்ரீன்ஷாட்டில் நிறம்தான் பதிவாகும், திரையின் வெளிச்சம் பதிவாகாது. அதனால் ஆட்டோ பிரைட்னஸை நிறுத்திவிட்டு, இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளைத் திரை இருட்டில் கண்ணைக் கூசவைத்தது. ஆனால் எழுத்து கூர்மையாக இருந்தது. கருப்பில் கூச்சம் இல்லை, ஆனால் வெள்ளை எழுத்தைச் சுற்றி லேசான ஒளி கசிந்தது. இருட்டில் கண்மணி விரிவதால் கண்ணின் சின்னக் குறைகளும் பெரிதாகத் தெரியும். எனக்குக் கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் பார்வை மங்கும் அஸ்டிக்மாடிசம் வேறு. ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டன, ‘ற்’ மேலிருக்கும் புள்ளி மங்கியது. தமிழுக்கு இது உண்மையிலேயே பெரிய தொல்லை.

அப்புறம் அதே செயலியில் உள்ள அடர்சாம்பல் பின்னணிக்கு மாறி, எழுத்தை ஒரு படி பெரிதாக்கினேன். கசிவு நன்றாகக் குறைந்தது. நீண்ட கட்டுரை என்றால், மேசை விளக்கைப் போட்டு, பிரைட்னஸைக் குறைத்து, வெள்ளையிலேயே படிப்பதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது. உங்களுக்கும் அஸ்டிக்மாடிசம் இருந்தால் ‘ண’வை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.