இரட்டைப்படை நீளமும் ஸ்டார் இல்லா மொழிகளும்: தேர்வுக்கு நான் படித்த வழி

தானியங்கிக் கோட்பாட்டுத் தேர்வுக்குப் படித்தபோது, ஸ்டார் இல்லா மொழிகள் என்ற பகுதியில் ஒரே ஒரு கேள்வியை நான் முழுமையாகப் பிடித்துக்கொண்டேன். இரட்டைப்படை நீளமுள்ள சரங்களின் மொழியை ஸ்டார் இல்லாமல் ஏன் எழுத முடியாது? இதன் நிரூபணம் சிறியது. ஆனால் அதற்குள் போவதற்கு முன், ஸ்டார் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் கையால் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

வெற்றுக் கணம், வெற்றுச் சரம், தனி எழுத்துகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, சேர்ப்பு, தொடுப்பு, நிரப்பி என்ற மூன்றை மட்டும் பயன்படுத்திக் கட்டப்படுபவையே ஸ்டார் இல்லா மொழிகள். இவற்றில் உயிர்நாடி நிரப்பிதான். அது இல்லையென்றால் முடிவுறு மொழிகளைத் தாண்டவே முடியாது. அது இருப்பதால் வெற்றுக் கணத்தின் நிரப்பியாக எல்லாச் சரங்களும் கிடைத்துவிடுகின்றன. அதை A என்று வைத்துக்கொண்டால், a, b என்ற இரண்டு எழுத்துகளின்மேல் இப்படி எழுதலாம்:

```
A     = ∅ᶜ
a*    = (AbA)ᶜ
(ab)* = (bA ∪ Aa ∪ AaaA ∪ AbbA)ᶜ
```

மூன்றாவது வரியை நிதானமாகப் படியுங்கள். b-யில் தொடங்கக் கூடாது, a-யில் முடியக் கூடாது, aa-வோ bb-யோ உள்ளே வரக் கூடாது. மிஞ்சுவது (ab)* மட்டுமே. அதன் சரங்கள் எல்லாமே இரட்டைப்படை நீளமுள்ளவை! ஆகவே, "நீளம் இரட்டைப்படை, அதனால் ஸ்டார் தேவை" என்று விடைத்தாளில் எழுதினால் அது தவறான வாதம். (ab)* ஸ்டார் இல்லா மொழி. (aa)* அப்படி அல்ல. இந்த வேறுபாட்டைத்தான் நிரூபணம் விளக்க வேண்டும்.

முதலில் a என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் அமையும் ஒவ்வொரு ஸ்டார் இல்லா மொழியும் முடிவுறுவதாக இருக்கும், அல்லது அதன் நிரப்பி முடிவுறுவதாக இருக்கும். இதைக் கோவையின் அமைப்பின்மேல் தொகுத்தறிதலால் காட்டுகிறோம். அடிப்படை மொழிகள் எல்லாம் முடிவுறுபவை. சேர்ப்பும் நிரப்பியும் இந்தப் பண்பைக் கெடுப்பதில்லை. ஒரு வரி போதும்.

தொடுப்பில் மட்டும் நின்று எழுத வேண்டும். L, M இரண்டும் முடிவுறுபவை என்றால் LM-உம் முடிவுறுவது. ஒன்று வெற்றுக் கணம் என்றால் LM-உம் வெற்றுக் கணம். இந்த நிலையைத் தனியாகச் சொல்லாவிட்டால் நிரூபணத்தில் ஓட்டை விழும். மீதமுள்ள நிலையில், ஒன்றின், L-இன் என்று கொள்வோம், நிரப்பி முடிவுறுவது. அப்படியானால் n அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள எல்லாச் சரங்களும் L-இல் உள்ளன. M-இல் m நீளமுள்ள ஒரு சரமாவது இருக்கிறது. ஆகவே n+m முதல் எல்லா நீளங்களும் LM-இல் வந்துவிடும். அதன் நிரப்பி முடிவுறுவது.

இரட்டைப்படை நீளமோ முடிவுறாதது. அதன் நிரப்பியான ஒற்றைப்படை நீளமும் முடிவுறாதது. எனவே அது ஸ்டார் இல்லா மொழி அல்ல.

கேள்வியில் a, b என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் இந்த வாதத்தை அப்படியே எழுதக் கூடாது. (ab)* முடிவுறாதது, அதன் நிரப்பியும் முடிவுறாதது. அங்கே ஒவ்வொரு மொழியிலும் a மட்டுமே கொண்ட சரங்களின் பகுதியை மட்டும் பாருங்கள். நிரப்பியை a* என்ற கணத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். a மட்டுமே உள்ள சரத்தை எங்கே வெட்டினாலும் இரு துண்டுகளிலும் a மட்டுமே இருக்கும் என்பதால் தொடுப்பும் சிக்கலின்றி நடக்கிறது. மேலே சொன்ன தொகுத்தறிதல் இந்தப் பகுதிக்கு அப்படியே பொருந்தும். (ab)*-இன் a-பகுதி வெற்றுச் சரம் மட்டுமே. அது முடிவுறுவது, முரண்பாடு இல்லை. இரட்டைப்படை நீளத்தின் a-பகுதி (aa)*, அங்கேதான் உடைகிறது. "a-க்களின் எண்ணிக்கை இரட்டைப்படை" என்ற மொழிக்கும் இதே விடைதான்.

ஆனால் இந்த வழி ஒரு திசையில் மட்டுமே செல்லும். a-பகுதி பண்பை நிறைவுசெய்துவிட்டது என்பதற்காக ஒரு மொழி ஸ்டார் இல்லா மொழி ஆகிவிடாது. இரு திசைக்குமான அளவுகோலை ஷுட்சன்பெர்கர் 1965-இல் தந்தார். தேர்வுக்கு அதைத் தானியங்கியின் வடிவில் வைத்துக்கொள்வது எளிது. மிகக் குறைந்த நிலைகளைக் கொண்ட தானியங்கியை வரையுங்கள். ஏதாவது ஒரு சரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு நிலைகள் வட்டமாகச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். சுழன்றால் ஸ்டார் இல்லா மொழி அல்ல; எந்தச் சரத்துக்கும் சுழலவில்லை என்றால் ஸ்டார் இல்லா மொழி. இரட்டைப்படை நீளத்துக்கு இரண்டே நிலைகள். a அவற்றை மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறது. (ab)*-க்கு மூன்று நிலைகள். aa படித்தால் எல்லாமே மீள முடியாத மூன்றாம் நிலையில் விழுகின்றன, ab படித்தால் தொடக்க நிலை அங்கேயே நிற்கிறது. தானியங்கியைக் குறைக்காமல் இந்தச் சோதனையைச் செய்தால் பொய்யான சுழற்சி தென்படலாம்.

(ab)*-இல் b-ஐயும் a ஆக மாற்றினால் (aa)* கிடைக்கிறது. எழுத்துகளைப் பெயர்மாற்றும் சார்பின்கீழ் ஸ்டார் இல்லா மொழிகள் மூடியவை அல்ல என்று காட்டச் சொன்னால் இந்த ஒரே வரி போதும். (ab)*-இல் எந்த இடம் ஒற்றை, எந்த இடம் இரட்டை என்பதை எழுத்தே சொல்லிவிடுகிறது, எண்ண வேண்டியதில்லை.