1,200 யூரோவுக்கு ஐந்து கடிதங்கள்

ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய இன்வாய்ஸின் பணம் நேற்றுதான் கணக்கில் ஏறியது. ஏப்ரல் 2-ஆம் தேதி வரவேண்டியது, ஜூன் நடுவில் வந்திருக்கிறது. பிரான்சில் தனியாகத் தொழில் செய்து, நிறுவனங்களுக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கெடு முடிந்து எட்டாவது நாள் முதல் ரெலான்ஸ், அதாவது பாக்கியை நினைவூட்டும் மெயில், அனுப்பினேன். "என் பக்கம் தவறில்லையென்றால் இந்தத் தொகை இன்னும் வரவில்லை, இதற்குள் அனுப்பிவிட்டிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்" என்ற வழக்கமான மென்மையான வாசகம்தான். பதில் இல்லை. பத்து நாள் கழித்து இரண்டாவது. அதற்கும் பதில் இல்லை. கடைசியில் போன் போட்டேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா, "உங்கள் இன்வாய்ஸில் ஆர்டர் எண் இல்லை, அதனால் ஓரமாக வைத்துவிட்டோம்" என்றார். இதை ஒரு வரி மெயிலில் சொல்லியிருக்கலாம்! எண்ணைச் சேர்த்து அன்றே திரும்ப அனுப்பினேன். முதல் மெயிலுக்கு மறுநாளே போன் செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

பிறகும் பணம் வரவில்லை. மே மாதம் மூன்றாவது கடிதத்தில் குரலை மாற்றினேன். எட்டு நாள் கெடு வைத்து, தாமத வட்டியையும், ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் வசூல் செலவாகச் சட்டம் தரும் 40 யூரோவையும் குறிப்பிட்டேன். இந்த 40 யூரோ நிறுவனங்களுக்கு இடையிலான பாக்கிக்கு மட்டும்தான். தனிநபர் வாடிக்கையாளரிடம் அந்த 40 யூரோவைக் கேட்க முடியாது. நிறுவனம் என்றால் நினைவூட்டல் அனுப்பாவிட்டாலும் கெடு தாண்டிய மறுநாளிலிருந்தே இரண்டும் சேர்ந்துவிடும்.

அதற்கும் அசையவில்லை. சரி, பணத்தைக் கட்டும்படி சட்டப்படி முறையாகக் கேட்கும் கடிதமான மீஸ் ஆன் தெமர்தான் என்று முடிவு செய்தேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, கெடு எல்லாம் இருக்க வேண்டும். "மீஸ் ஆன் தெமர்" என்ற சொற்களையும் கடிதத்தில் அப்படியே எழுதிவிடுங்கள். "கடைசி நினைவூட்டல்" என்று தலைப்புப் போட்டால், இதுவும் இன்னொரு ரெலான்ஸ்தான் என்று வாதாட இடம் கிடைக்கும்.

நான் சறுக்கியது முகவரியில். அவர்கள் மெயிலின் அடியில் இருந்த முகவரிக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து உறை திரும்பி வந்தது. "இந்த முகவரியில் இல்லை" என்ற கட்டத்தில் டிக். அலுவலகத்தை எப்போதோ மாற்றிவிட்டார்கள். annuaire-entreprises.data.gouv.fr தளத்தில் நிறுவனப் பெயரைப் போட்டால் பதிவு செய்த தலைமையகம் இலவசமாகத் தெரிகிறது. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

புது முகவரிக்கு அதே கடிதம், புதுத் தேதியோடு. கெடு முடிந்தால் வணிக நீதிமன்றத்தில் பணம் செலுத்தும் உத்தரவு கேட்பேன் என்று ஒரு வரி சேர்த்தேன். நான்காம் நாள் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை வந்தது. அதிலிருந்து ஆறாம் நாள் 1,240 யூரோ. வட்டி சில பத்து யூரோதான் வரும், அதைக் கேட்கவில்லை. அந்த 40-ஐ மட்டும் விடவில்லை.